குட்டை மீன் படத்தில் விரால், கெளுத்தி, ஜிலேபி: துடுப்பையும் மீசையையும் வைத்து எப்படிப் பிரிக்கிறேன்

பண்ணைக் குட்டையில் வலை போட்டவர்கள் எடுத்த மீனைப் படம் பிடித்து "இது என்ன மீன்?" என்று எனக்கு அனுப்புவது பல வருஷப் பழக்கம். விட்டது கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளாக இருக்கும், வலையில் ஏறியது வேறெதுவோ. பெரும்பாலும் கலங்கல் தண்ணீரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த மீன், தொட்டியிலோ சாக்கு மேலோ ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், படம் மேலிருந்து எடுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட படத்தில் நான் முதலில் பார்ப்பது முதுகுத் துடுப்பைத்தான். அது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, முன்பாதி முள்ளாக இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா. இவ்வளவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நிறத்தை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். ஒரே மீன் கலங்கல் தண்ணீரில் வெளிறியும், செடி மூடிய தெளிந்த தண்ணீரில் கறுத்தும் இருக்கும். பயந்துபோன ஜிலேபிக்கு உடம்பில் கருப்புப் பட்டைகள் வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். இதற்கு மேல் போன் கேமரா வெயிலிலும் நிழலிலும் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடுகிறது. "கருப்பா, நீளமா இருக்கு, அதனால விரால்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். கருப்பாக நீளமாக இருப்பதற்குக் குட்டையில் குறைந்தது மூன்று வகை மீன்கள் உண்டு.

மீசை நல்ல அடையாளம்தான், கையில் மீன் இருந்தால் அதைவிட வேகமான அடையாளம் கிடையாது. ஆனால் படத்தில் அதை நம்பி ஆரம்பிக்க முடியாது. தண்ணீரிலிருந்து வெளியே வந்த கெளுத்தியின் மீசை ஈரத்தோடு கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும், அல்லது தலைக்கு அடியில் மடிந்துவிடும். மீசை தெரிந்தால் அது உறுதியான தகவல். தெரியாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைக்காததால்தான் கெளுத்தியைப் பார்த்து விரால் என்று சொல்லிவிடுகிறார்கள்.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு மீன் மீனாகப் பார்ப்போம். குஞ்சு விட்டு நாலைந்து மாதமான ஒரு குட்டை. தண்ணீர் இறங்கிய நேரத்தில் உரிமையாளர் வீச்சுவலை போட்டுப் பார்த்திருக்கிறார், விட்ட அளவுக்குக் குஞ்சு காணவில்லை. கிடைத்ததை ஒரு அகலமான தொட்டியில் கொட்டிப் படம் எடுத்து அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணே, இதுல விரால் ரெண்டு இருக்குன்னு சொல்றாங்க. மத்ததெல்லாம் ஜிலேபின்னு நினைக்கிறேன். குஞ்சைத் தின்னது விரால்தானே?"

படத்தில் கருப்பாக நீளமாக இரண்டு மீன். தட்டையாக, முதுகு உயர்ந்த சாம்பல் நிறத்தில் நான்கைந்து. ஓரமாக வெள்ளி மாதிரிப் பளபளப்பாகச் சின்னதாக ஒன்று. மற்றவற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வால் மட்டும் தெரிந்த இன்னொன்று.

அந்த இரண்டு கருப்பு மீன்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டுக்கும் முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னாலிருந்து கிட்டத்தட்ட வால் வரைக்கும் ஓடுகிறது. ஒரே உயரம், முள் எதுவும் துருத்தவில்லை. இரண்டுக்கும் வால் வட்டம். இதுவரை பார்த்தால் இரண்டும் ஒரே மீன்தான் என்று தோன்றும். குட்டையில் நீளமான மெத்தென்ற முதுகுத் துடுப்பும் வட்ட வாலும் சேர்ந்து இருப்பது பெரும்பாலும் இரண்டே கூட்டம். ஒன்று விரால் குடும்பம்: விரால், குறவை போன்றவை. இன்னொன்று ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மாகூரும் சேர்ந்த கிளாரியஸ் கூட்டம். விராலுக்கு அந்தத் துடுப்பில் அதைத் தாங்கும் மெல்லிய கதிர்கள் ஏறக்குறைய 40 இருக்கும், கிளாரியஸ் கூட்டத்தில் 60-க்கு மேல். ஆனால் போன் படத்தில் கதிர்களை எண்ணுவது நடக்காத காரியம், அதனால் அதை விட்டுவிட்டு வேறு மூன்று இடங்களைப் பார்க்கிறேன்.

முதல் இடம் இடுப்புத் துடுப்பு. வயிற்றுக்கு அடியில் ஜோடியாக இருக்குமே, அது. விராலுக்கு இந்த ஜோடி மார்புத் துடுப்புக்கு ரொம்பக் கிட்டே, அதன் கீழே கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் செவுளுக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள் ஒரே இடத்தில் குவிந்த மாதிரி தெரியும். கெளுத்திக்கு மார்புத் துடுப்பு தலையோடு நின்றுவிடும், இடுப்புத் துடுப்பு நன்றாகப் பின்தள்ளி உடம்பின் நடுப்பகுதியில் வரும், நடுவில் வெறும் வயிறு தெரியும். மீன் ஒருக்களித்துக் கிடக்கும் படமாக இருந்தால் இந்த ஒரு இடமே போதும், மீசையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. எனக்குப் பிடித்த அடையாளமும் இதுதான். நிறம் மாறலாம், மீசை ஒட்டிக்கொள்ளலாம், துடுப்பு இருக்கும் இடம் மாறாது.

இரண்டாவது தோல். விராலுக்குச் செதில் உண்டு, உடம்பில் மட்டுமல்ல, தலை மேலும் பெரிய செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும். கெளுத்திக்குச் செதிலே கிடையாது, வழவழப்பான தோல். தலை தட்டையாக, எலும்புத் தகடு மாதிரி கெட்டியாக, தோல் மூடியபடி இருக்கும். படத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், வெளிச்சம் விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். செதிலுள்ள மீனில் வெளிச்சம் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடையும், வரிசையாக ஒரு வலை போலத் தெரியும். செதிலில்லாத மீனில் அதே வெளிச்சம் உடையாமல் ஒரே நீளக் கோடாக வழுக்கிக்கொண்டு போகும். சேறு பூசிய மீனில் இது வேலை செய்யாது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்ப எடுங்கள் என்று நான் கேட்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

மூன்றாவது மார்புத் துடுப்பின் முன் ஓரம். கெளுத்திக்கு அங்கே தடித்த முள் ஒன்று இருக்கும். பயந்த மீன் அதை விரைத்து வெளியே நீட்டிப் பூட்டிக்கொள்ளும், மேலிருந்து எடுத்த படத்தில் தலைக்கு இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி தெரியும். விராலின் மார்புத் துடுப்பு முழுக்க மெத்தென்று, விசிறி போல வட்டமாக விரியும், முள் கிடையாது.

சரி, நம் படத்துக்கு வருவோம். இடதுபக்கம் கிடந்த கருப்பு மீன் ஒருக்களித்திருந்தது. இடுப்புத் துடுப்பு மார்புத் துடுப்புக்கு அடியிலேயே இருந்தது, தலை மேல் செதில் தெரிந்தது, வாய் கண்ணைத் தாண்டிக் கிழிந்திருந்தது. விரால், சந்தேகமில்லை. அதன் மூக்குப் பக்கம் சின்னதாக ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருப்பதைச் சிவப்பில் வட்டமிட்டு "இது மீசைதானே?" என்று அவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, பல பேர் தடுமாறும் இடம். விரால் குடும்பத்தில் முன் மூக்குத் துளை ஒரு சின்னக் குழாயாக நீண்டிருக்கும், மேல் உதட்டுக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஒன்று. அது மீசை இல்லை. நீளத்தைப் பார்த்தாலே பிடிபடும்: குழாய் கண்ணின் அகலத்தைக்கூடத் தாண்டாது, கெளுத்தியின் மீசை தலை நீளத்துக்குப் பக்கமாகவோ அதற்கு மேலேயோ போகும். தவிர, மீசை என்றால் வாயோரத்திலிருந்தும் கீழ்த்தாடையிலிருந்தும்கூடக் கிளம்பும், மூக்கில் மட்டும் இருந்துவிட்டு நிற்காது.

வலதுபக்கம் கிடந்தது குப்புறக் கிடந்தது, முதுகு மட்டும்தான் தெரிந்தது. மீசை ஒன்றுகூடத் தெரியவில்லை, அதனால்தான் அதையும் விரால் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் தலை மண்வெட்டி அலகு போலத் தட்டையாக, உடம்பைவிட அகலமாக இருந்தது. கண் ரொம்பச் சின்னது, தலையின் ஓரத்துக்குத் தள்ளிப்போய் இருந்தது. முதுகில் விழுந்த வெளிச்சம் உடையாத கோடாக ஓடியது. ஒரு பக்க மார்புத் துடுப்பின் முள் விரைத்து நின்றது. இவ்வளவு போதும் என்றாலும், திருப்பிப் போட்டுத் தலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். வந்த படத்தில் நான்கு ஜோடி மீசையும் இருந்தது. மூக்கருகே ஒரு ஜோடி, வாயின் ஓரத்திலிருந்து நீளமான ஒரு ஜோடி, தாடையின் அடியில் இரண்டு ஜோடி. தாடைக்கு அடியில் இருப்பவை வெளிறிய நிறத்தில் வயிற்றோடு ஒட்டிக்கிடந்தன, மேலிருந்து எந்தக் கோணத்தில் எடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது.

அது ஆப்பிரிக்கக் கெளுத்தியா, மாகூரா என்று அடுத்துக் கேட்டார். கிளாரியஸ் கூட்டம் என்று உறுதியாகச் சொல்லலாம், அதற்குமேல் இப்படி ஒரு படத்தை வைத்துச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி பல கிலோ எடைக்கு வளரும், மாகூர் அந்த அளவுக்குப் போகாது, ஆகவே கைக்கு அடங்காத பெரிய மீன் என்றால் ஊகிக்கலாம். சின்ன மீனில் தலையின் பின்புற எலும்பு வடிவம், மார்பு முள்ளின் பல் எல்லாம் பார்க்க வேண்டும், அதை மீனைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்க்க முடியும்.

கெளுத்தி வகைகளையே ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதற்கு மீசை எண்ணிக்கை அவ்வளவாக உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளாரியஸ், தேளி, நாம் சாதாரணமாகக் கெளுத்தி என்று சொல்லும் சின்ன வெள்ளிக் கெளுத்தி எல்லாவற்றுக்கும் நான்கு ஜோடிதான். மறுபடியும் முதுகுக்குத்தான் போக வேண்டும். தேளிக்கு உடம்பு கிளாரியஸ் போலவே நீளம், கருப்பு. ஆனால் முதுகுத் துடுப்பு ஆறேழு கதிர்களோடு முன்பக்கம் ஒரு சின்னக் கொடி மாதிரி நின்றுவிடும், பிறகு வால் வரை முதுகு மொட்டையாக இருக்கும். கீழே குதத் துடுப்பு மட்டும் வயிற்றிலிருந்து வால் வரைக்கும் நீண்டு ஓடும். முதுகு மொட்டை, அடி முழுக்கத் துடுப்பு என்று பார்த்தால் தேளி. இதைப் படம் பார்த்ததும் சொல்லிவிடுவது முக்கியம், ஏனென்றால் இதன் மார்பு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் வலி கடுமையாக இருக்கும். "கையில் பிடிக்காதீர்கள், வலையோடு எடுங்கள்" என்பதை மீன் பெயருக்கு முன்னாலேயே எழுதிவிடுவேன்.

நம் தொட்டியின் ஓரத்தில் இருந்த சின்ன வெள்ளி மீன் அந்த வெள்ளிக் கெளுத்தி வகை. முதுகுத் துடுப்பு குட்டை, முன்னால் நிமிர்ந்த முள், பிளந்த வால், வாயோர மீசை உடம்பின் பாதியைத் தாண்டி நீண்டிருந்தது. மீசை வெளியே தெரிந்ததால் எல்லோருக்கும் இது கெளுத்தி என்று தெரிந்துவிட்டது. ஆனால் நான் பார்த்தது முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் இருந்த கொழுப்புத் துடுப்பை. கதிரே இல்லாமல் சதை மடிப்பு மாதிரி தாழ்வாக இருக்கும் அது. அது நீளமாக முதுகோடு ஓடினால் இந்த வெள்ளிக் கெளுத்திக் கூட்டம். வளர்ப்புக்கு விடும் பங்கஸ் கெளுத்திக்கும் பிளந்த வாலும் குட்டை முதுகுத் துடுப்பும் கொழுப்புத் துடுப்பும் உண்டு. ஆனால் பங்கஸில் அந்தக் கொழுப்புத் துடுப்பு விரல் நுனி அளவுக்குத்தான் இருக்கும், மீசையும் இரண்டு ஜோடிதான், அதுவும் குட்டை. வாளைக்கும் இரண்டு ஜோடி மீசை, ஆனால் கொழுப்புத் துடுப்பு அறவே கிடையாது, முதுகுத் துடுப்பு கண்ணுக்குத் தப்பும் அளவு சின்னது, குதத் துடுப்பு ரொம்ப நீளம், வாய் பெரிய கிழிசல்.

அடுத்து, "மத்ததெல்லாம் ஜிலேபி" என்று அவர் சொன்ன சாம்பல் மீன்கள். ஜிலேபிக்கு, அதாவது திலேப்பியாவுக்கு, முதுகுத் துடுப்பு ஒன்றே ஒன்று, செவுளுக்கு மேலேயே ஆரம்பித்து வாலுக்குப் பக்கம் வரை போகும். அதன் முன்பக்கம் 15 முதல் 18 வரை கெட்டியான முட்கள், பின்பக்கம் மெத்தென்ற கதிர்கள். முட்களின் நுனி ரம்பம் போலத் தெரியும், மெத்தென்ற பகுதி கொஞ்சம் உயர்ந்து பின்னால் கூர்மையாக முடியும். படத்தில் துடுப்பு படுத்துக் கிடந்தால் ஒன்றும் தெரியாது. விரலால் முன்முள்ளை மெதுவாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும், பின்னாலிருந்து முன்னால் தடவினால் குத்தும், முன்னாலிருந்து வந்து தூக்க வேண்டும். இடுப்புத் துடுப்பு இங்கேயும் மார்புக்குக் கீழேயே இருக்கும். அதைப் பார்த்ததும் கெண்டை இனம் எல்லாம் விலகிவிடும், கட்லா, ரோகு, மிர்கால், புல் கெண்டை எதுவானாலும் இடுப்புத் துடுப்பு வயிற்றின் நடுவில்தான்.

இதில் சாதாக் கெண்டை ஒன்றுதான் ஏமாற்றும். அதற்கும் முதுகுத் துடுப்பு நீளம், உடம்பு உயரம், முன்னால் ஒரு கெட்டி முள்ளும் இருக்கும், அதனால் தூரத்துப் படத்தில் ஜிலேபி என்று சொல்லத் தோன்றும். முன்னால் ஒரே ஒரு பெரிய முள், அதற்குப் பிறகு எல்லாம் கதிர் என்றால் கெண்டை. துடுப்பு நீளத்தில் பாதிக்கு மேல் முள்ளாகவே இருந்தால் ஜிலேபி. சாதாக் கெண்டையின் வாயோரத்தில் இரண்டு ஜோடிக் குட்டை மீசை உண்டு, பெரிய மீனில் அது நன்றாகத் தெரியும். ரோகுவுக்கும் மிர்காலுக்கும் மீசை இருக்கிறது என்று படித்துவிட்டுப் படத்தில் தேடுகிறவர்கள் உண்டு. அது அவ்வளவு சின்னது, உதட்டு மடிப்பில் மறைந்துவிடும், போன் படத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நம் தொட்டியில் இருந்த உயர முதுகு மீன்களில் ஒன்றைத் தவிர மற்றவை ஜிலேபிதான். அதில் ஒன்று முழுக்கக் கருப்பாக, தாடைக்கு அடியில் வெள்ளையாக, துடுப்பு ஓரங்களில் சிவப்பாக இருந்தது. அது வேறு மீன் என்று நினைத்திருந்தார்கள். மொசாம்பிக் ஜிலேபியின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் அப்படித்தான் மாறும். வாலில் மேலிருந்து கீழாக வரிசையாகக் கோடுகள் இருந்தால் நைல் ஜிலேபிப் பக்கம் போகலாம். ஆனால் கலப்பினங்கள் நிறைய ஆகிவிட்டதால், வால் கோட்டை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

அந்த ஒன்று என்ன? முதுகில் அதே மாதிரி முள் வரிசை, அதே சாம்பல் நிறம், கொஞ்சம் குட்டை. முதுகுத் துடுப்பு இங்கே கைகொடுக்காது, எனவே கீழே பார்த்தேன். ஜிலேபியின் குதத் துடுப்பில் முட்கள் 3 மட்டும், மீதி கதிர். இந்த மீனில் குதத் துடுப்பின் பெரும்பகுதி முள்ளாகவே இருந்தது. ஜிலேபியைப் போலவே தெரியும், ஆனால் குதத் துடுப்பில் முள் நிறைய என்றால் இரண்டு வாய்ப்பு முக்கியம். ஒன்று செத்தல் கெண்டை, இன்னொன்று பனையேறிக் கெண்டை. செத்தலுக்கு 12, 13 முட்கள் இருக்கும், உடம்பு தட்டு போல வட்டமாக, வாய் சின்னதாக இருக்கும், பக்கவாட்டில் முத்துப் புள்ளிகள். பனையேறிக்கு 10 முட்களை ஒட்டி இருக்கும், உடம்பு அவ்வளவு வட்டமில்லை, வாய் பெரிது, வால் வட்டம், செவுள் மூடியின் ஓரம் முழுக்க ரம்பப் பல். நம் படத்தில் செவுள் ஓரத்தைப் பெரிதாக்கியபோது அந்தப் பல் வரிசை தெளிவாகத் தெரிந்தது, வால் அடியில் ஒரு கருப்புப் புள்ளியும் இருந்தது. பனையேறிக் கெண்டை. இதைக் கையாளும்போதும் கவனம் வேண்டும், செவுளை விரித்துக்கொண்டு துள்ளினால் உள்ளங்கையைக் கீறிவிடும்.

உடம்பின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் பக்கம் ஓடும் பக்கக்கோடு இரண்டு துண்டாக உடைந்திருந்தால் ஜிலேபி என்று சிலர் சொல்வார்கள். கெண்டையிலிருந்து பிரிக்க அது உதவும், கெண்டைக்கு உடையாத ஒரே கோடு. ஆனால் பனையேறிக்கும் கோடு உடைந்துதான் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே குழப்பம் வந்தால் குதத் துடுப்பைத்தான் கேட்க வேண்டும்.

அடியில் மாட்டி வால் மட்டும் தெரிந்த மீன் ஒன்று மிச்சம். வால் வட்டம், செதில் உண்டு, கருமை நிறம். வட்ட வாலும் செதிலும் சேர்ந்ததால் கெளுத்தி வகைகள் எல்லாம் போய்விட்டன, பிளந்த வால் இல்லாததால் கெண்டை இனமும் போய்விட்டது. மீதி இருப்பது விரால் குடும்பமும் பனையேறியும், ஜிலேபிகூட வால் ஓரம் தேய்ந்திருந்தால் வட்டமாகத் தெரியலாம். இதற்கு மேல் நான் போகவில்லை. வால் மட்டும் தெரியும் மீனுக்குப் பெயர் வைப்பதைவிட, தொட்டியைக் கலைத்து அதைத் தனியாக எடுக்கச் சொல்வது ரெண்டு நிமிஷ வேலை. எடுத்து அனுப்பினார், குறவை. விரால் குடும்பம்தான், ஆனால் விராலைவிடக் குட்டையான, தடித்த உடம்பு, முதுகுத் துடுப்பிலும் கதிர்கள் குறைவு, 30-ஐ ஒட்டி இருக்கும்.

படம் எடுக்கும் முறையைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது எதுவும் பயன்படாது. தொட்டியில் மொத்தமாக ஒரு படம் இருக்கட்டும், பிறகு சந்தேகமான மீன் ஒவ்வொன்றுக்கும் மூன்று படம். மீனை ஈரமான தட்டையான இடத்தில் தலை இடதுபக்கம் வரும்படி கிடத்தி, நேர் மேலிருந்து முழு உடம்பும் வருகிற மாதிரி ஒன்று. முதுகுத் துடுப்பையும் குதத் துடுப்பையும் விரித்துப் பிடித்து ஒன்று, இரண்டு பேர் இருந்தால் எளிது. மீனை மல்லாத்தித் தலையின் அடிப்பக்கம் ஒன்று, இதில்தான் மீசையும் இடுப்புத் துடுப்பும் ஒரே சட்டத்தில் வரும். பக்கத்தில் ஒரு பேனாவோ அளவுகோலோ வைத்தால் நீளம் தெரியும். ஃபிளாஷ் வேண்டாம், ஈரமான தோலில் பட்டு வெள்ளையாக அடித்துவிடும், செதில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போகும். நேர் வெயிலும் அதே தொல்லைதான், உடம்பால் நிழல் கொடுத்து எடுக்கலாம். மீசை மடிந்திருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் மெதுவாக வெளியே எடுத்துவிட்டு எடுங்கள், தண்ணீரில் அமிழ்த்தி வைத்து எடுத்தால் இன்னும் நல்லது, மீசை தானாக விரிந்து நிற்கும்.

குஞ்சு மீன் படத்தில் இந்த அடையாளங்கள் பாதிதான் வேலை செய்யும். விரல் நீளத்துக்குக் கீழே துடுப்பு முள் எது கதிர் எது என்று தெரியாது. ஆனால் இரண்டு அடையாளம் நம்பலாம். ஜிலேபிக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பின் மெத்தென்ற பகுதியின் அடியில் ஒரு கரும்புள்ளி இருக்கும், வளர வளர மறையும். தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு நகர்கிற படம் வந்தால் அது விரால் குஞ்சு, கீழே தாயோ தகப்பனோ காவலுக்கு இருக்கும்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: குஞ்சைத் தின்னது விரால்தானா? படத்தை வைத்து நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இரண்டு விரால் என்று நினைத்ததில் ஒன்று கிளாரியஸ் கெளுத்தி, அதுவும் குஞ்சு தின்னும். அடியில் இருந்த குறவையும் தின்னும். வெள்ளிக் கெளுத்தியும் பனையேறியும் பொடிக் குஞ்சை விடாது. ஜிலேபி வேறு விதத்தில் தொல்லை, அது போட்ட தீவனத்தைத் தின்றுவிட்டு அடுத்தடுத்துப் பெருகும், தாய் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் ஒரே ஒரு தாய் மீன் உள்ளே வந்தாலே போதும். ஆக, விராலை மட்டும் பிடித்துவிட்டால் போதும் என்ற திட்டம் அந்தக் குட்டைக்குப் பொருந்தாது. விரால், குறவை, கிளாரியஸ், பனையேறி நான்கும் காற்றைச் சுவாசிக்கிற மீன்கள், தண்ணீரை இறைத்துச் சேறாக விட்டாலும் அதற்குள் உயிரோடு கிடக்கும். குட்டையை அடுத்து நிரப்புவதற்கு முன் தரை வெடிக்கும் வரை காயவிடச் சொன்னேன், தண்ணீர் வரும் வாய்க்காலில் சின்னக் கண்ணி வலை கட்டச் சொன்னேன், குஞ்சை விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த பிறகு விடச் சொன்னேன். வலையில் ஜிலேபி மட்டுமே வந்திருந்தால் வாய்க்கால் வலையும் ஜிலேபியைக் குறைப்பதும்தான் முதல் வேலை என்றிருப்பேன், காயவிடுவது அதற்கப்புறம்.